‘லாம்’ எப்போது கடமையாகும்? – ‘கட்டாய அதிகாரம்’ என்ற பிழை பற்றி

தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கங்களில் ‘கட்டாய அதிகாரம்’ என்றொரு தொடர் வருகிறது. ஒரு சட்டப் பிரிவு அதிகாரி ‘செய்யலாம்’ என்று சொல்லியிருக்க, அதை ‘செய்தே ஆக வேண்டும்’ என்று நீதிமன்றம் படித்தால், அந்த அதிகாரத்துக்கு இப்படிப் பெயர் வைத்துவிடுகிறார்கள். சட்டத்தைப் புதிதாகப் படிக்க வருபவர் இதற்கு என்ன பொருள் கொள்வார்? பிறரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் என்றுதான். ‘கட்டாயக் கையகப்படுத்தல்’ என்பதில் கட்டாயத்துக்கு உள்ளாகிறவர் நிலத்துக்காரர். நாம் பேசும் இடத்திலோ கட்டுப்படுகிறவர் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி. ஆளே மாறிப்போகிறார்.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நாம் ‘செய்யலாம்’ என்று பெயர்க்கும் ஆங்கில ‘மே’ பழைய ஆங்கிலத்தில் ‘இயலும், வலிமை உண்டு’ என்ற பொருளில் வழங்கிய வினை. நம் ‘செய்யலாம்’, ‘செய்யல் + ஆம்’ என்று பிரியும். செய்தல் ஆகும், தகும். பழைய ஆங்கிலேயச் சட்டங்களில் ‘மே’ வரவேண்டிய இடத்தில் ‘இன்னார் இதைச் செய்வது சட்டத்துக்கு உட்பட்டதாகும்’ என்ற நீண்ட வாய்பாடு வரும். ‘ஆம்’ என்ற ஈற்றசை அந்த வாய்பாட்டை அப்படியே தாங்குகிறது. இவ்வளவு பொருத்தமான சொல் கைவசம் இருக்கும்போது அதைத் திருத்தப் போவதுதான் வேடிக்கை.

1880இல், அந்நாளில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஜூலியஸ் எதிர் ஆக்ஸ்ஃபோர்டு ஆயர் வழக்கில் சிக்கலே அந்த நீண்ட வாய்பாடுதான். கிளூவர் என்ற ஊரின் திருச்சபைக் குரு, வழிபாட்டில் சட்டம் அனுமதிக்காத சடங்குகளைச் செய்கிறார் என்று அவ்வூர் மக்களில் ஒருவரான ஜூலியஸ் ஆயரிடம் புகார் கொடுத்தார். புகார் வந்தால் விசாரணைக் குழு அமைப்பது ஆயருக்குச் ‘சட்டத்துக்கு உட்பட்டதாகும்’ என்றது 1840ஆம் ஆண்டின் திருச்சபை ஒழுங்குச் சட்டம். ஆயர் மறுத்தார். அமைத்தே ஆக வேண்டும் என்றது கீழ் நீதிமன்றம். அது மேல்முறையீட்டில் ரத்தானது; பிரபுக்கள் சபையும் ஆயர் பக்கமே நின்றது.

வழக்கைத் தீர்த்தவர்களில் ஒருவரான கேர்ன்ஸ் பிரபு அங்கே சொன்னதுதான் இன்றுவரை அளவுகோல். அந்தச் சொற்கள் அதிகாரத்தை மட்டுமே தருகின்றன. அதற்கு மேல் எதையும் தருவதில்லை. ஆனால் செய்யப்பட வேண்டிய செயலின் தன்மையிலோ, அதன் நோக்கத்திலோ, அதற்கு விதித்த நிபந்தனைகளிலோ, யாருடைய நன்மைக்காக அந்த அதிகாரம் தரப்பட்டதோ அவருடைய உரிமையிலோ ஏதேனும் ஒன்று, அந்த அதிகாரத்தோடு ஒரு கடமையைச் சேர்த்துவிடலாம். அப்படி ஒன்று இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு, கடமை உண்டு என்று வாதிடுபவருடையது. ஜூலியஸால் அதைக் காட்ட முடியவில்லை.

கவனிக்க: கடமை சொல்லிலிருந்து வரவில்லை, சூழலிலிருந்து வருகிறது. பத்தாண்டு கழித்து, 1890இல், பேக்கர் வழக்கில் காட்டன் நீதிபதி இதை இன்னும் கறாராகச் சொன்னார். ‘மே’ சில இடங்களில் ‘மஸ்ட்’ ஆகும் என்று பேசுவதால் பெருங்குழப்பம் விளைகிறது. ஆங்கிலம் ஆங்கிலமாக இருக்கும்வரை அது ஒருபோதும் அப்படி ஆகாது. அது தருவது அதிகாரம், அதைப் பயன்படுத்துவது எப்போது கடமையாகிறது என்பது தனிக் கேள்வி. அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ நீதிபதிகள் ‘இங்கே மே என்றால் மஸ்ட்’ என்று சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். அது பேச்சு வசதி. அந்த வசதியைப் பிடித்துக்கொண்டு சட்டப் பிரிவின் மொழிபெயர்ப்பிலேயே ‘வேண்டும்’ போடுபவர்களிடம்தான் நம் சண்டை.

அப்படிப் போட்டால் என்ன கெடும் என்பதற்கு நம் உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்த்த உத்தரப் பிரதேச அரசு எதிர் ஜோகேந்திர சிங் வழக்கு போதும். அந்த மாநிலத்தின் 1947ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 4ஆம் விதிக்கு இரண்டு உள்விதிகள். முதலாவது: ஊழல், கடமை தவறுதல் முதலான குறிப்பிட்ட விவகாரங்களில் அரசு ஊழியர்களின் வழக்குகளை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம். இரண்டாவது: அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் தாமே கேட்டுக்கொண்டால், அதே விவகாரங்களில் அவர் வழக்கை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம். இரண்டிலும் ஒரே ‘மே’. ஜோகேந்திர சிங் அப்படிப்பட்ட அலுவலர், கேட்டார், அரசு அனுப்ப மறுத்தது.

நீதிமன்றம் இரண்டு உள்விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. யாருடைய வழக்கையும், அலுவலர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அனுப்பும் அதிகாரம் முதல் உள்விதியிலேயே ஆளுநருக்கு இருக்கிறது. இரண்டாவதும் வெறும் ‘அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம்’ என்றால் அதை எழுதியதற்கே வேலையில்லை. எனவே அது அலுவலருக்கு ஒரு தேர்வைத் தருவதற்காகத்தான் இருக்க வேண்டும். அவர் கேட்டால் அனுப்புவது ஆளுநரின் கடமை. அரசின் மேல்முறையீடு தோற்றது. கேர்ன்ஸ் சொன்னவற்றில் கடைசி இடம், அதாவது பயன்பெறுபவரின் உரிமை, இங்கே கடமையைச் சேர்த்தது.

இப்போது இந்த விதியைத் தமிழில் பெயர்ப்பவர், ‘உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே’ என்று இரண்டாம் உள்விதியில் ‘அனுப்புதல் வேண்டும்’ என்று எழுதினால்? அரசு எதன் பலத்தில் வழக்காடியது, நீதிமன்றம் எதை எடைபோட்டது என்பது எதுவுமே தமிழில் படிப்பவருக்குத் தெரியாது. தீர்ப்பே வெட்டிவேலையாகத் தோன்றும். தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரே பிரிவுக்குள் மூலத்தில் ஒரே சொல் வரும் இடங்களைத் தமிழில் ஒத்துப் பாருங்கள். ஓரிடத்தில் ‘லாம்’, அடுத்த வரியில் ‘வேண்டும்’ என்றிருந்தால், பெயர்ப்பவர் நீதிபதி இருக்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

சரி, அந்தக் கருத்துக்குப் பெயர்? ‘கடமைப்பிணை அதிகாரம்’ என்று ஒரு புனைவைப் பார்த்தேன். தூய தமிழ் ஆர்வம் புரிகிறது. ஆனால் நீதிமன்றத் தமிழில் பிணை என்றால் ஜாமீன். ‘கடமை சேர்ந்த அதிகாரம்’ என்று தெளிவாகச் சொன்னால் போதும். கேர்ன்ஸின் கருத்தும் சேர்தல்தான். ‘அதிகாரம்’ வடசொல் என்று ஒதுக்கி ‘ஆற்றல்’ போடுபவர்களுக்கு ஒன்று: ஆற்றல் ஒருவரின் உடம்பிலோ அறிவிலோ இருப்பது, சட்டம் கொடுத்துத் திரும்ப எடுக்கும் பொருளன்று.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், செய்வதா வேண்டாமா என்று அதிகாரியே முடிவெடுக்கும் அதிகாரத்துக்கு வழங்குவது இன்னொரு வம்புச் சொல்: ‘விருப்புரிமை’. கடமை சேராத அதிகாரத்தைப் பெற்றவர்கூட விருப்பம்போல நடக்க முடியாது. பொருத்தமானவற்றை எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இலங்கைத் தமிழர் வழங்கும் ‘தற்றுணிபு’ எவ்வளவோ மேல். தாமே எண்ணித் துணிவது என்ற பொருள் அதில் இருக்கிறது.

‘வேண்டும்’ என்ற பெயர்ப்பு இன்னொரு பொய்யான நம்பிக்கையையும் கொடுக்கிறது. கடமை தானாக எழுவதில்லை. வருமான வரி ஆணையில் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும் பிழையை அதிகாரி திருத்தலாம் என்ற பிரிவைப் பற்றி, ஹிர்தய் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970இல் சொன்னதைப் பாருங்கள்: கேட்கும் உரிமை உள்ளவர் கேட்க வேண்டும், அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்கான சூழ்நிலை இருப்பதாகக் காட்டவும் வேண்டும், அதன்பின் அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஆக, எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறோம், அதன் நிபந்தனைகள் ஒவ்வொன்றும் எப்படி நிறைவேறியுள்ளன என்று மனுவிலேயே எழுதாமல், ‘சட்டப்படி செய்ய வேண்டும்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், கடமையைச் செய்யக் கட்டளையிடும் பேராணை கேட்டு உயர் நீதிமன்றம் போகும்போது, கடமை எப்போது எழுந்தது என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.