50 ஓம் எங்கே நிற்க வேண்டும்?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில் ஒரு மாலை, பக்கத்து மேசைத் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, ஓப்-ஆம்ப் போயிருச்சுன்னு நினைக்கிறேன். மூணாவது சிப் மாத்திட்டேன், அதுவும் இப்படித்தான் இருக்கு."

அவருடைய போர்டில் நான்கு சென்சார்கள். ஒரு மல்டிபிளெக்சர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும். அதன் பின்னால், வரும் வோல்ட்டேஜை அப்படியே வெளியே தரும் பஃபராக ஓர் ஓப்-ஆம்ப், அதற்குப் பின்னால் வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் 12 பிட் ஏடிசி. சேனல் மாறி 1 மைக்ரோ நொடி கழித்து ஏடிசி அளவெடுக்கும். ஒரே சேனலைத் திரும்பத் திரும்பப் படித்தால் எண் சரியாக வருகிறது. நான்கையும் சுற்றிப் படித்தால் பத்து, இருபது எண்கள் தள்ளி வருகிறது. எவ்வளவு தள்ளுகிறது என்பது, அதற்கு முன்னால் படித்த சேனலில் என்ன வோல்ட்டேஜ் இருந்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது. மல்டிமீட்டரை வைத்தால் எல்லாமே ஒழுங்காகத் தெரிகிறது.

முந்தைய சேனலின் வாசனை அடுத்த சேனலில் வீசுகிறது என்றால், ஏதோ ஒன்று அடங்குவதற்குள் அளவெடுத்துவிடுகிறோம் என்று பொருள். ஓசிலோஸ்கோப்பை ஓப்-ஆம்பின் வெளியீட்டுக் காலில் வைத்து, உள்ளே 100 மில்லிவோல்ட் படி ஒன்றைக் கொடுத்தோம். வெளியீடு 100-இல் போய் நிற்கவில்லை. 150-ஐத் தாண்டி எகிறி, கீழே விழுந்து, மறுபடி எகிறி, கால் மைக்ரோ நொடிக்கு ஓர் ஆட்டம் என்று ஆடிக்கொண்டே மெல்ல மெல்ல அடங்கியது.

சிப்பில் எந்தக் குறையும் இல்லை. ஏடிசியின் காலடியில் தம்பி நல்லெண்ணத்தோடு வைத்திருந்த 1 நானோஃபேரட் கெப்பாசிட்டர்தான் காரணம். ஏடிசி அளவெடுக்கும் கணத்தில் அதன் உள்ளிருக்கும் சிறு கெப்பாசிட்டர் திடீரென்று மின்னூட்டத்தை உறிஞ்சும், அதற்குப் பக்கத்தில் ஒரு சேமிப்பு இருக்க வேண்டும் என்று அவர் படித்திருந்தார். அது உண்மைதான். ஆனால் அந்தக் கெப்பாசிட்டரோடு ஜோடியாக ஒரு ரெசிஸ்டரும் வர வேண்டும். அது விட்டுப்போயிருந்தது.

ஏன் ஆடுகிறது என்பதை அன்று இரவு பாயான் பாரு மாமாக் கடையில், தே தாரிக் ஆறும்வரை, ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். ஓப்-ஆம்ப் தன் வெளியீட்டைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் உறுப்பு. வெளியீடு குறைந்தால் ஏற்றும், கூடினால் இறக்கும். பின்னூட்டம் எனப்படும் இந்தத் திருத்தம் நேரத்துக்குப் போய்ச் சேரும்வரை கவலையில்லை. ஆடும் ஊஞ்சலை நிறுத்தக் கை நீட்டுகிறோம் என்று வையுங்கள். கை சரியான கணத்தில் போனால் ஊஞ்சல் நிற்கும். தாமதமாகப் போனால் அதே கை ஊஞ்சலைத் தள்ளிவிடும். அரைச் சுற்று, அதாவது 180 பாகை, தாமதித்தால் திருத்தம் முழுவதும் உந்தலாகிவிடும்.

பெரும்பாலான ஓப்-ஆம்புகள் பிறவியிலேயே 90 பாகை தாமதத்தோடுதான் வருகின்றன. உள்ளே இருக்கும் ஈடுசெய் கெப்பாசிட்டர் செய்யும் வேலை அது. மீதி 90 பாகைதான் நம் கையிருப்பு. இந்தத் திருத்தச் சுற்றின் பெருக்கம் 1-க்கு இறங்கும் அதிர்வெண்ணில் இந்தக் கையிருப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அதைத்தான் ஃபேஸ் மார்ஜின் என்கிறோம். 60 பாகை மிச்சமிருந்தால் நிம்மதி. 20-க்குக் கீழே போனால் தம்பியின் திரையில் பார்த்த ஆட்டம்.

இந்தக் கையிருப்பைத் தின்றது யார்? ஓப்-ஆம்பின் வெளியீட்டுக்குள் ஒரு மின்தடை ஒளிந்திருக்கிறது. பின்னூட்டம் இல்லாதபோது தெரியும் மின்தடை அது, டேட்டாஷீட்டில் `Ro` அல்லது `Zo` என்று இருக்கும். அதுவும் வெளியே நாம் மாட்டும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு ஆர்சி வடிகட்டி ஆகிவிடுகின்றன. அந்த வடிகட்டி பின்னூட்டப் பாதைக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தம்பியின் சிப்பில் `Ro` சுமார் 100 ஓம். சுமை இல்லாதபோது சிப்பின் பெருக்கம் 1-க்கு இறங்கும் இடத்தைச் சொல்லும் பெருக்க-அகலப் பெருக்கற்பலன் 10 மெகாஹெர்ட்ஸ்.

```
fp = 1 / (2π · Ro · CL)
   = 1 / (2π · 100 Ω · 1 nF) ≈ 1.6 MHz
```

1.6 மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போதே இந்த வடிகட்டி தன் பங்குத் தாமதத்தைச் சேர்க்கத் தொடங்கிவிடும். பெருக்கம் 1-க்கு இறங்குவது 3.8 மெகாஹெர்ட்ஸில். அங்கே இதன் தாமதம் மட்டும் 67 பாகை. 90-இல் 67 போனால் மிச்சம் 23. ஓப்-ஆம்பின் சொந்தக் குறைகளும் சில பாகைகளைத் தின்னும். திரையில் கால் மைக்ரோ நொடிக்கு ஓர் ஆட்டம் தெரிந்ததும் இந்த 4 மெகாஹெர்ட்ஸை ஒட்டித்தான்.

இனி மருந்து. ஓப்-ஆம்பின் வெளியீட்டுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பின்னூட்டக் கம்பி மட்டும் ரெசிஸ்டருக்கு முன்னால், ஓப்-ஆம்பின் காலிலிருந்தே புறப்பட வேண்டும்.

இங்கே தம்பி கேட்ட கேள்வி சரியான கேள்வி. "ஏற்கெனவே 100 ஓம் இருந்துதான் தாமதம்னு சொன்னீங்க. இன்னும் 50 சேர்த்தா தாமதம் கூடத்தானே செய்யும்?"

குறைந்த அதிர்வெண்ணில் கூடத்தான் செய்யும். 150 ஓமும் 1 நானோஃபேரடும் சேர்ந்து 1.06 மெகாஹெர்ட்ஸிலேயே தாமதத்தைத் தொடங்கிவிடும். ஆனால் அதிர்வெண் ஏற ஏறக் கெப்பாசிட்டரின் எதிர்ப்பு குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் அது வெறும் கம்பி போல ஆகிவிடும். அப்போது ஓப்-ஆம்பின் காலுக்கு எதிரே தெரிவது கெப்பாசிட்டர் இல்லை, 50 ஓம் ரெசிஸ்டர். உள்ளே 100, வெளியே 50: இரண்டு மின்தடைகள் வோல்ட்டேஜைப் பங்கிட்டு மூன்றில் ஒரு பங்கைத் தருகின்றன. மின்தடைகள் பங்கிடுவதில் தாமதம் கிடையாது. சிக்னல் சிறுக்கிறது, ஆனால் நேரத்துக்கு வருகிறது. கணக்கில் இது 3.2 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஜீரோவாக, அதாவது தாமதத்தைத் திருப்பித் தரும் புள்ளியாகத் தெரியும்.

```
fp = 1 / (2π · 150 Ω · 1 nF) ≈ 1.06 MHz
fz = 1 / (2π ·  50 Ω · 1 nF) ≈ 3.2 MHz
```

பெருக்கம் 1-க்கு இறங்கும் இடம் இப்போது 4.1 மெகாஹெர்ட்ஸ். அங்கே முதல் வரி 75 பாகை தாமதிக்கிறது, இரண்டாவது வரி 52 பாகையைத் திருப்பித் தருகிறது. நிகரத் தாமதம் 23. ஃபேஸ் மார்ஜின் 23-லிருந்து 67-க்கு ஏறிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வெளி ரெசிஸ்டர் உள் மின்தடையில் பாதியாக இருந்தால், இந்த ஜோடி தரும் நிகரத் தாமதம் எந்த அதிர்வெண்ணிலும் 30 பாகையைத் தாண்டாது. கெப்பாசிட்டர் எவ்வளவு பெரிதானாலும் தாண்டாது. 1 நானோஃபேரடை எடுத்துவிட்டு 100 நானோஃபேரட் வைத்தால் ஆட்டம் நூறு மடங்கு மோசமாகும் என்று மனம் சொல்லும். உண்மையில் மார்ஜின் இன்னும் கூடுகிறது. ஏனென்றால் தாமதம் தொடங்குவதும் முடிவதும் 10, 30 கிலோஹெர்ட்ஸிலேயே நடந்துவிடுகிறது, 3 மெகாஹெர்ட்ஸை எட்டும்போது அது சுவடில்லாமல் தீர்ந்திருக்கிறது. 10 ஓம் மட்டும் வைத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, தாமதம் 56 பாகைவரை போகும். நம் 1 நானோஃபேரட் ஏறக்குறைய அந்த மோசமான இடத்திலேயே மாட்டி, மார்ஜின் 34-இல் நின்றுவிடும்.

இந்தக் கணக்கு `Ro`-வை நேர்மையான ரெசிஸ்டராக எடுத்துக்கொள்கிறது. பல சிப்புகளில் அது அதிர்வெண்ணோடு ஏறி இறங்கும், குறிப்பாக வெளியீடு சப்ளையின் விளிம்புவரை போகக்கூடிய வகைகளில். அதனால் டேட்டாஷீட்டில் `Zo` வளைகோட்டைத் தேடி, பெருக்கம் 1-க்கு இறங்கும் பகுதியில் அதன் மதிப்பைப் படிக்க வேண்டும். பின்னூட்டம் உள்ளபோது அளந்த வெளியீட்டு மின்தடையும் அதே டேட்டாஷீட்டில் இருக்கலாம். அது ஓமில் சிறு பின்னமாகத் தெரியும், அதை எடுத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் தப்பும். வளைகோடே இல்லையென்றால் 10, 22, 47, 100 என்று மாற்றி மாட்டி, 100 மில்லிவோல்ட் படி கொடுத்து, எகிறல் 10 சதவீதத்துக்குள் அடங்கும் மதிப்பை எடுத்துக்கொள்வேன். படி பெரிதாக இருந்தால் ஓப்-ஆம்பின் வேக வரம்பு குறுக்கே வந்து ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால் சிறிய படிதான் சரி.

பார்க்கும் இடமும் முக்கியம். ரெசிஸ்டருக்குப் பின்னால் புரோபை வைத்தால், ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஆட்டத்தை வழித்து மென்மையாகக் காட்டிவிடும். ஓப்-ஆம்பின் காலிலேயே வைக்க வேண்டும், 10x நிலையில். 1x நிலையில் புரோப் தானே 100 பிக்கோஃபேரடை ஒட்டிய சுமை, ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அளக்கப் போன கருவியே நோயைக் கொடுக்கும்.

மறுநாள் காலை தம்பி 50-க்குப் பக்கத்து மதிப்பான 47 ஓமை மாட்டினார். ஆட்டம் நிற்கவில்லை, கொஞ்சம் கூடியது போலவே இருந்தது. போர்டைத் திருப்பிப் பார்த்தேன். வழித்தடத்தை வெட்டி ரெசிஸ்டரை நுழைத்த இடம், பின்னூட்டக் கோடு பிரியும் முனைக்கு முன்னால் விழுந்திருந்தது. அதாவது பின்னூட்டம் கெப்பாசிட்டரின் பக்கத்திலிருந்து போகிறது. அப்படியானால் 47 ஓம் உள் மின்தடையோடு சேர்ந்துகொண்டு சுற்றுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், மார்ஜின் 23-லிருந்து 19-க்கு இறங்கும். அவர் கேட்ட கேள்வியின் பயம் இந்த இணைப்பில்தான் உண்மையாகிறது. பின்னூட்டக் கோட்டை வெட்டி, மெல்லிய கம்பியால் ஓப்-ஆம்பின் காலோடு சேர்த்தோம். அலை ஏறி, லேசாகத் தலையசைத்து, நின்றது.

விலை உண்டு. ரெசிஸ்டருக்குப் பின்னால் நடப்பதை ஓப்-ஆம்ப் இனிப் பார்க்காது. 50 ஓமும் 1 நானோஃபேரடும் 50 நானோ நொடி நேர மாறிலியைத் தருகின்றன. 12 பிட் துல்லியத்துக்கு அடங்க அதைப்போல் 9 மடங்கு, 450 நானோ நொடி வேண்டும். தம்பிக்கு 1 மைக்ரோ நொடி இருந்ததால் தாராளம். 100 நானோஃபேரட் வைத்திருந்தால் மார்ஜின் அருமையாக இருந்திருக்கும், ஆனால் அடங்குவதற்கு 45 மைக்ரோ நொடி ஆகி, சேனல்கள் மறுபடி ஒன்றோடொன்று கலந்திருக்கும்.

இன்னொரு விலை நிலையான மின்னோட்டம் இழுக்கும் சுமைகளில் தெரியும். ஏடிசி அப்படி இழுப்பதில்லை. ஆனால் 1 கிலோஓம் சுமை என்றால் 50 ஓம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, 5 வோல்ட்டை 4.76 ஆக்கிவிடும். அங்கே பின்னூட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: சுமைப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக மெதுவான பகுதி, ஓப்-ஆம்பின் காலிலிருந்து ஒரு சிறிய கெப்பாசிட்டர் வழியாக வேகமான பகுதி. நிலையான அளவைச் சுமைப் பக்கம் பார்த்துத் திருத்தும், வேகமான ஆட்டத்தை ரெசிஸ்டருக்கு முன்னால் பார்த்து அடக்கும். அடங்கும் நேரம் நீளும், சுமையின் கெப்பாசிட்டர் எவ்வளவு என்பதும் முன்பே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

தம்பியின் போர்டுக்கு அது தேவைப்படவில்லை. அடுத்த பதிப்பின் வரைபடத்தில் 47 ஓமை ஓப்-ஆம்பின் காலை ஒட்டியே வைத்து, பின்னூட்டக் கோடு புறப்படும் புள்ளியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினார்.