23 அணி, 22 ஆட்டம்

மேலூர்ப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் ஊரில் பொங்கலுக்கு மின்னொளி கபடிப் போட்டி. நாக் அவுட் முறை. 23 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. கையில் இருக்கும் 32 அணி அட்டவணையில் பெட்டிகளை எண்ணினால் 31 வருகிறதாம். ஆட்டத்துக்கு அரை மணி என்று வைத்தாலும் பதினைந்தரை மணி நேரம் ஆகுமே, ஒரே ராத்திரியில் எப்படி முடிப்பது என்பது அவர் கவலை.

கவலை வேண்டாம், 22 ஆட்டம்தான். 11 மணி நேரம். மாலை ஆறுக்குத் தொடங்கினால் விடிகாலை ஐந்துக்குக் கோப்பை கொடுத்துவிடலாம்.

அந்த அட்டவணை ஓர் இரும மரம், அதாவது எந்தக் கணுவிலிருந்தும் இரண்டு கிளைகளுக்கு மேல் பிரியாத தலைகீழ் மரம். உச்சியில் இருக்கும் இறுதி ஆட்டம் வேர். ஒவ்வொரு ஆட்டமும் ஓர் உட்கணு. அதிலிருந்து சரியாக இரண்டு கிளைகள் பிரியும். கிளைகளின் நுனியில் இருக்கும் அணிகள்தான் இலைகள். எந்தக் கணுவுக்கும் ஒற்றைக் கிளை இல்லாமல், ஒன்று இரண்டு கிளை, இல்லையென்றால் இலை என்று இருந்தால் அது முழு இரும மரம். எல்லா மட்டமும் நிரம்பியிருந்தால்தான் 'முழு' என்று சில பாடநூல்கள் சொல்கின்றன. நாம் பார்க்கப்போகும் கணக்குக்கு அந்த நிபந்தனை தேவையே இல்லை.

எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இனிமேல்தான் வருகிறது. ஆட்டங்களின் எண்ணிக்கையை I என்போம். ஆட்டத்துக்கு இரண்டு பக்கம் என்றால், களத்தில் நிரப்பவேண்டிய பக்கங்கள் மொத்தம் 2I. அவற்றை யார் நிரப்புகிறார்கள்? ஒவ்வொரு அணியும் தன் முதல் ஆட்டத்துக்காக ஒரு பக்கத்தை நிரப்புகிறது. அணிகள் L என்றால் அது L பக்கம். பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்தில் ஒரு பக்கத்தை நிரப்புகிறார். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவருக்கு மட்டும் அடுத்த ஆட்டம் கிடையாது. ஆக, அது I − 1 பக்கம்.

```
2I = L + I − 1
L = I + 1
```

இலைகள் எப்போதும் உட்கணுக்களைவிட ஒன்று கூடுதல். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: மேலே போக வழியில்லாத வேரிலிருந்து. 23 இலை என்றால் 22 உட்கணு. யாரை யாரோடு மோதவிட்டாலும் இது மாறாது. முதல் ஆட்டத்தில் ஜெயித்தவரே களத்தில் நின்று மற்ற ஒவ்வோர் அணியையும் வரிசையாகச் சந்தித்தாலும் 22 ஆட்டம்தான். ஆனால் ஜெயிப்பவர் 22 ஆட்டமும் ஆடி ஓய்ந்துபோவார்.

அவரைக் காப்பாற்றுவது மட்டங்களின் கணக்கு. வேரை 0-ஆம் மட்டம் என்றால் அங்கே ஒரு கணு. கீழே ஒவ்வொரு மட்டத்திலும் அதிகபட்சம் இரட்டிக்கும்: 2, 4, 8, 16, 32. i-ஆம் மட்டத்தில் 2^i-க்கு மேல் இடமில்லை. 4-ஆம் மட்டத்தில் 16 பேருக்குத்தான் இடம், நம்மிடம் 23 அணி. எனவே 5-ஆம் மட்டம் வரை இறங்கியே ஆகவேண்டும். ஐந்து சுற்றுக்குக் குறையாது.

வாசகரின் அட்டவணையை இப்படி நிரப்பலாம். 23-ஐ 16 ஆக்க 7 அணிகள் வெளியேறவேண்டும். முதல் சுற்றில் 7 ஆட்டம், 14 அணிகள். மீதி 9 அணிகளுக்கு 'பை', அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார்கள். 4-ஆம் மட்டத்தின் 16 இடங்களில் 7 ஆட்டங்களும் 9 இலைகளும் உட்காரும்; அதற்குக் கீழே 14 இலைகள். மேலே 8, 4, 2, 1 ஆட்டங்கள். 7 + 15 = 22. சரிதானே.

பையைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்கிறார்கள். சீட்டில் 8 வந்தால் ராசியில்லை என்று மாற்றித் தரச்சொல்லும் அணிகளைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். ஓர் ஆட்டம் கூடுதலா குறைவா என்பதை முடிவுசெய்வது அந்த இலை இருக்கும் மட்டம். சீட்டின் எண்ணுக்கு அதில் வேலையில்லை.

அப்படியானால் 31 எப்படி வந்தது? பை வாங்கிய 9 அணிகளுக்கும் முதல் சுற்றில் தனித்தனிப் பெட்டி போட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளுக்குக் கீழே ஒரே ஒரு கிளை. அப்போது மரம் முழு இரும மரமாக இருக்காது. எல்லாப் பெட்டியையும் எண்ணினால் 9 கூடிவிடும். ஒற்றைக் கிளைப் பெட்டிகளை விட்டுவிட்டு இரண்டு கிளை உள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள், மறுபடி 22 வரும். எந்த இரும மரத்திலும் இலைகள், இரண்டு கிளைக் கணுக்களைவிட ஒன்றுதான் கூடுதல். ஒற்றைக் கிளைக் கணுவுக்குள் ஒருவர் நுழைகிறார், அவரே வெளியே வருகிறார். அதனால் அது கணக்கைத் தொடுவதில்லை.

மூன்றாம் பரிசுக்காக அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளையும் மோதவிடுவதாக இருந்தால் மட்டும் ஓர் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். தோற்றவர்கள் மறுபடி ஆடும் அந்த ஆட்டத்துக்கு இந்த மரத்தில் இடமில்லை, தனியாகத்தான் எழுதவேண்டும்.