இனிஷியலும் மாவட்டமும் மாறிய தாள்கள்: வெளிநாட்டுக்கு அபிடவிட் அனுப்பும் முன்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், அங்குள்ள அலுவலகம் ஒன்றில் தன் பிறப்புச் சான்றிதழையும் தாயாரின் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொடுக்கிறார். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் SELVI R. பாஸ்போர்ட்டில் THAMILSELVI RAJENDRAN. 'இருவரும் ஒருவர்தான் என்பதற்கு அபிடவிட் அனுப்புங்கள்' என்று பதில் வருகிறது. காவிரிக் கரை ஊர்களிலிருந்து கடல் கடந்து போகும் தாள்களில் அடிக்கடி தட்டுப்படும் சிக்கல் இதுதான். நம் ஊரில் செல்வியும் தமிழ்ச்செல்வியும் ஒரே ஆள் என்பதைத் தெருவில் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அங்கே மேசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எழுத்துதான் ஆள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நோட்டரி முத்திரை, மாநில அரசின் சான்றொப்பம், தாளை வெளிநாட்டில் ஏற்பதற்காக வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டில் என்ற சான்று ஆகிய மூன்றில் எதுவுமே 'உள்ளே எழுதியிருப்பது உண்மை' என்று சொல்வதில்லை. உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறவருடையது. பொய்யாகச் சொன்னால் தண்டனைக்குரிய குற்றம். இந்த அம்மாள் தன் முன்னால் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டார் என்பதற்கு நோட்டரி சாட்சி. அது அந்த நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும்தான் என்கிறது மாநில அரசு. மாநில அதிகாரியின் கையெழுத்து சரியானதுதான் என்கிறது வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தைய கையெழுத்துக்கு மட்டுமே சாட்சி. அதனால் அடியில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் மேலே உள்ள முத்திரைகள் எல்லாம் சரியாக விழுந்துவிடும். தப்பு தெரியவருவது சிங்கப்பூரில் கடைசி மேசையில்தான். பிறகு முத்திரைத்தாள் வாங்குவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

ஆகவே நேரம் செலவழிக்க வேண்டிய இடம் வாசகம். இந்தக் குடும்பம் மயிலாடுதுறைக்கு மேற்கே குத்தாலம் பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகன் 1990-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர். அபிடவிட் கொடுக்க வேண்டியவர் தாய். யாருடைய பெயர் இரண்டு விதமாக இருக்கிறதோ அவர் சொன்னால்தான் எடுபடும். மகன் சிங்கப்பூரிலிருந்து 'என் அம்மாவுக்கு இரண்டு பெயர்' என்று எழுதிக் கொடுப்பது பலவீனமான தாள்.

வாசகத்தில் முதலில் அவருடைய பெயர், வயது, கணவர் பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண். அடுத்து, இன்ன எண்ணும் தேதியும் உள்ள பிறப்புச் சான்றிதழில் தன் பெயர் SELVI R என்று பதிவாகியிருக்கிறது. இன்ன எண்ணுள்ள பாஸ்போர்ட்டில் THAMILSELVI RAJENDRAN என்று இருக்கிறது. இரண்டும் தன்னையே குறிக்கும். இந்தப் பெயர்களைத் தாளில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து, இடைவெளியும் புள்ளியும் உட்பட அடிக்க வேண்டும். டைப் செய்கிறவர் பழக்கத்தில் TAMILSELVI என்று ஒரு H விட்டு அடித்துவிட்டால், இரண்டு பெயர் இருந்த இடத்தில் மூன்றாகிவிடும். பெயர் வித்தியாசத்தைத் தீர்க்கப் போன அபிடவிட்டே புதிய வித்தியாசத்தைக் கொண்டுவருவது அடிக்கடி நடக்கிறது. அடித்த தாளை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது போதாது. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இனிஷியலுக்கு ஒரு வரி தனியாக வேண்டும். தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை என்பதும், கல்யாணத்துக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்தும் பின்பு கணவர் பெயரின் முதலெழுத்தும் போடுவது உண்டு என்பதும் வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'R என்பது என் கணவர் ராஜேந்திரன் பெயரின் முதலெழுத்து' என்று எழுதிவிட்டால் கேள்வி அங்கேயே முடியும்.

இன்னொரு சிக்கல் நம் டெல்டாவுக்கே உரியது. 1990-ல் மயிலாடுதுறை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. அதனால் பழைய பிறப்புச் சான்றிதழில் தஞ்சாவூர், 2015-ல் எடுத்த பாஸ்போர்ட் முகவரியில் நாகப்பட்டினம், புதுப்பித்த ஆதாரில் மயிலாடுதுறை என்று ஒரே வீடு மூன்று மாவட்டத்தில் நிற்கும். குடும்பம் எங்கும் குடிபெயரவில்லை, மாவட்ட எல்லைதான் மாறியது என்று ஆண்டுகளோடு ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். கேட்ட பிறகு விளக்கம் அனுப்புவதைவிட, கேட்பதற்கு முன்பே தாளில் இருப்பது நல்லது.

அபிடவிட்டால் செய்ய முடியாததும் உண்டு. அது பெயரை மாற்றாது. பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் வெளியீடு வேண்டும். பிறந்த தேதி இரண்டு தாளில் இரண்டாக இருந்தால் 'இரண்டும் ஒன்றுதான்' என்று சத்தியம் செய்து பயனில்லை. தப்பாக உள்ள பதிவையே திருத்தி வாங்க வேண்டும்.

தாள் வெளிநாட்டுக்குப் போவதால் ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம். தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது என்றால், வாசகம் தமிழில் படித்து விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்ற குறிப்பு கடைசியில் வர வேண்டும். படித்துச் சொன்னவர் அதன் கீழ் கையெழுத்திட வேண்டும். தமிழில் கையெழுத்துப் போடுவதும் கைநாட்டு வைப்பதும் குறையே அல்ல. பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்தே இதிலும் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பாஸ்போர்ட்டில் தமிழில் போட்டவரை மரியாதைக்காக ஆங்கிலத்தில் போடச் சொல்லிவிடாதீர்கள்.

முத்திரைத்தாளைக் கையெழுத்திடுபவர் பெயரிலேயே வாங்குங்கள். தமிழ்நாட்டில் அபிடவிட்டுக்கான முத்திரைத்தீர்வை 2024-ல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. பழைய நினைப்பில் 20 ரூபாய்த் தாளில் அடித்துக் கொடுத்தால் தீர்வை போதாது. கையெழுத்துத் தேதி, தாள் வாங்கிய தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. ஆறு மாதம் கடந்த முத்திரைத்தாள் செல்லாது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியல்ல. ஆறு மாதக் கெடு, பயன்படுத்தாத தாளுக்குப் பணம் திரும்பக் கேட்பதற்குத்தான் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆனாலும் வெளிநாட்டுக்குப் போகும் தாளில் பழைய தேதி வீண் கேள்வியைக் கிளப்பும். புதிதாக வாங்குவதே மேல்.

நோட்டரியிடம் தாயார் நேரில் போக வேண்டும். வீட்டிலேயே கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்பி முத்திரை மட்டும் போட்டு வரச் சொல்வது இந்த வேலையின் அடிப்படையையே உடைக்கிறது. தன் முன்னால் கையெழுத்திட்டார் என்பதற்குத்தானே அவர் சாட்சி? ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அசல் அடையாள அட்டை, நோட்டரியின் பதிவேட்டிலும் ஒரு கையெழுத்து வேண்டும். பதிவேட்டின் வரிசை எண் அபிடவிட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும். பின்னாளில் யாராவது சந்தேகப்பட்டால் தேடிப் பிடிக்க உதவுவது அந்த எண்தான்.

முத்திரையையும் படித்துப் பாருங்கள். வட்ட முத்திரையில் நோட்டரியின் பெயர், பதிவு எண், நியமித்த அரசு, அவர் செயல்படக்கூடிய பகுதி எல்லாம் இருக்கும். இங்கே எல்லையோர ஊர்களில் ஒரு தவறு நேர்கிறது. குத்தாலத்தில் இருப்பவர் பக்கத்து ஊர்தானே என்று கும்பகோணம் போகிறார். போகலாம், தடையில்லை. ஆனால் வாசகத்தின் முடிவில் 'குத்தாலத்தில் என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று ஏற்கெனவே அடித்திருக்கிறது. அதன் கீழ் தஞ்சாவூர் மாவட்ட நோட்டரியின் முத்திரை விழுகிறது. தன் பகுதிக்கு வெளியே நோட்டரி செயல்பட்டதாக அந்தத் தாளே சொல்கிறது. இடமும் தேதியும் மட்டும் கோடு விட்டு வைத்து, நோட்டரி முன்னால் கையால் நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை. வேறெங்கும் காலி இடம் விடக் கூடாது. வெள்ளை மை தடவித் திருத்தவும் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே எழுதி, கையெழுத்திட்டவரும் நோட்டரியும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். இரண்டு இடத்துக்கு மேல் திருத்தம் வந்தால் புதுத் தாளில் அடிப்பதே நிம்மதி.

அடுத்தது மாநில அரசில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியின் சான்றொப்பம். அதற்குப் பிறகே வெளியுறவு அமைச்சகம். அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகத் தாள் வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவற்றின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. 2019 முதல் சென்னையிலேயே இந்த வேலை முடிகிறது, டெல்லிக்கு அனுப்ப வேண்டியதில்லை. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் தாள் ஒன்றுக்கு 50 ரூபாய். அதற்கு மேல் கேட்கப்படுவது சேவைக் கட்டணம், கூரியர், இடைத்தரகர் கூலி. எதற்கு எவ்வளவு என்று பிரித்து ரசீது கேளுங்கள்.

எந்த நாடு என்பதை விண்ணப்பத்தில் சரியாகச் சொல்ல வேண்டும். உறுப்பு நாடு ஒன்றின் அப்போஸ்டிலை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வழிசெய்யும் ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தம் சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் 2005-லிருந்தே உண்டு. அதனால் அப்போஸ்டில் ஒட்டினால் சங்கிலி அங்கேயே முடிந்தது. சிங்கப்பூர்த் தூதரக முத்திரை தேவையில்லை. பழைய பழக்கத்தில் 'எம்பசி அட்டெஸ்டேஷனும் சேர்த்து' என்று யாராவது தொகை சொன்னால் எந்த விதியின்படி என்று கேளுங்கள். இதே தாள் துபாய்க்கு என்றால் கதை வேறு. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே அமைச்சகத்தின் சாதாரண சான்றொப்பம், பிறகு இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம், அங்கே போனதும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று படிகள் நீளும். சவூதிக்கு 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டிலே போதும்.

அபிடவிட் மட்டும் போனால் ஆகாது. அது குறிப்பிடும் பிறப்புச் சான்றிதழும் பெரும்பாலும் தனியாக அப்போஸ்டில் பெற்றே போக வேண்டும். பல வீடுகளில் அது பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறைமேல் முத்திரை குத்த முடியாது, பிரித்தால் தாள் கிழியும். புதிய பிரதி எடுத்துக்கொள்வதே வழி. புதிய பிரதியில் எண்ணும் தேதியும் மாறியிருக்கலாம் என்பதால், அபிடவிட் வாசகம் எழுதும் முன்பே அதை வாங்கிவிட வேண்டும். பழைய பிரதியின் எண்ணை வாசகத்தில் போட்டுவிட்டுப் புதிய பிரதியை இணைத்தால் இரண்டும் பொருந்தாது.

எல்லாம் முடிந்து வந்ததும், கூரியரில் போடும் முன் பின்பக்கம் உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் எடுங்கள். அப்போஸ்டில் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும். முன்பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு 'அப்போஸ்டில் எங்கே' என்ற மின்னஞ்சல் வாங்குகிறவர்கள் உண்டு. ஸ்கேன் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்னை மட்டும் கழற்றாதீர்கள். பிரித்துக் கோத்த துளைகள் தெரிந்தால் நடுவில் பக்கம் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகம் வரும். மடித்துப் பிடித்து, கொஞ்சம் சாய்வாக விழுந்தாலும் பரவாயில்லை, பின்னோடு எடுங்கள்.