விட்ட இடத்தில் பிடிக்க முடியாது: ஆட்டத்தின் நடுவில் நிறுத்துவது எப்படி?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்த பிறகு உளவளத்துணை அறைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். "விட்டத மட்டும் எடுத்துட்டா நிப்பாட்டிருவேன் மிஸ்." ஹட்டனில் இருந்து வந்தாலும் பண்டாரவளையில் இருந்து வந்தாலும் வசனம் மாறுவதில்லை, தொகைதான் மாறுகிறது. பக்கத்தில் மனைவி தோடு இல்லாத காதோடு உட்கார்ந்திருக்கும்போதும் அதே வசனம்தான். இந்த மாதம் இதை அளவுக்கு மீறிக் கேட்டாகிவிட்டது. போனில் சூதாடுவது கெட்டது என்று சொல்ல இதை எழுதவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வசனம் ஏன் பிழை என்பதையும், ஆட்டத்தின் நடுவில் எப்படி எழுந்து வருவது என்பதையும் மட்டும் எழுதுகிறேன்.

ஓர் உதாரணம் எடுப்போம். பலருடைய கதைகளைச் சேர்த்து அமைத்த கணக்கு இது, தனியொருவருடையது அல்ல. சம்பள நாள் இரவு. லயத்தில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஒருவர் போனில் 10,000 ரூபா போட்டு, சிவப்பு கறுப்பு சக்கரம் ஆடுகிறார். ரூலெட் என்கிறார்களே, அதுதான். முதலில் ஒரு சுற்றுக்கு 100 ரூபா. 1,400 போனதும் 500 ஆக்குகிறார். நள்ளிரவில் மீதி 3,600. போனது 6,400. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபா என்று வைத்தால், கிட்டத்தட்ட ஐந்து நாள் கொழுந்து. இந்த நேரத்தில் அவர் தலைக்குள் 3,600 இல்லை, 6,400 மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நிறுத்துவதாக முடிவு செய்கிறார்.

இது எவ்வளவு நடக்கக்கூடியது? சக்கரத்தில் 37 கட்டங்கள். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒன்று பச்சைப் பூச்சியம். பூச்சியம் விழுந்தால் சிவப்பில் வைத்தவரும் தோற்பார், கறுப்பில் வைத்தவரும் தோற்பார். அதுதான் ஆட்டம் நடத்துகிறவரின் பங்கு. பூச்சியமே இல்லாத, முற்றிலும் நியாயமான சக்கரம் என்று வைத்துக்கொண்டாலும், 3,600ஐ 10,000 ஆக்க முயல்கிறவர்களில் 100க்கு 36 பேர்தான் அங்கே போய்ச் சேருவார்கள். காரணம் மிக எளிது, 3,600 என்பது 10,000இல் 100க்கு 36. மற்ற 64 பேரும் கையில் இருந்த 3,600ஐயும் இழப்பார்கள். பூச்சியம் இருக்கும் சக்கரத்தில் இந்த 36 இன்னும் குறையும். எந்தத் தந்திரத்தாலும் அதைக் கூட்ட முடியாது.

"நான் அவசரப்பட மாட்டேன், 100 ரூபாவா வச்சு மெதுவா எடுத்துருவேன்" என்று சொல்கிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். உங்கள் நிலைதான் மோசம். 3,600இல் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் 100 ரூபா வைத்து, 10,000ஐத் தொடும் வரை அல்லது கை காலியாகும் வரை ஆடினால், 10,000ஐத் தொடுகிறவர் 100 பேரில் 3 பேர்கூட இல்லை. சுற்றுகள் கூடக் கூட அந்தப் பூச்சியம் அத்தனை முறை தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. நிதானமாக ஆடினால் நீங்கள் தோற்கும் நேரம் நீளும், எடுக்கும் வாய்ப்போ இன்னும் குறையும்.

இதைச் சொன்னால் அடுத்து வருவது இரட்டிப்பு. 100 போனால் 200, அது போனால் 400, ஒருமுறை வென்றால் எல்லாம் திரும்பும் என்பார்கள். 100, 200, 400, 800, 1,600. ஐந்து தோல்வியில் 3,100 போய்விடும். ஆறாவதுக்கு 3,200 வேண்டும், கையில் இருப்பது 500. ஐந்து முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று நினைக்கிறீர்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 28இல் ஒன்று. ஒவ்வொரு வெற்றித் தொடரும் தருவதோ வெறும் 100 ரூபா. 6,400ஐ எடுக்க, நடுவில் உடையாமல் 64 தொடர்கள் வேண்டும். நடுவில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் இன்னும் ஒரு படி தாங்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனையும் சக்கரம் நேர்மையானது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. வட்ஸ்அப்பில் ஏஜென்ட் அனுப்பிய லிங்கில் திறக்கும் ஆட்டத்தில் அதற்குக்கூட யாரும் பொறுப்பில்லை.

இனி, எனக்கு மிகவும் ஆற்றாமை தரும் நம்பிக்கைக்கு வருகிறேன். "விட்ட இடத்துலதான் பிடிக்கணும்" என்கிறார்கள். காட்டில் கத்தியைத் தொலைத்தால் தொலைத்த இடத்தில் தேடலாம், அது அங்கேயே கிடக்கும். சூதில் போன 6,400 எங்கும் கிடக்கவில்லை. உங்கள் பெயரில் ஒரு கணக்குப் புத்தகம் வைத்து, "இவர் நிறையத் தோற்றுவிட்டார், இனிக் கொடுக்க வேண்டும்" என்று சக்கரம் எழுதி வைப்பதில்லை. நீங்கள் முதல் சுற்று ஆடினாலும் 300ஆவது சுற்று ஆடினாலும் அதற்கு ஒன்றுதான். 1913இல் மொன்டி கார்லோ சூதாட்ட மண்டபத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று ஒவ்வொரு முறையும் பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். சிவப்புக்கு "முறை" என்று ஒன்று இல்லை. இவ்வளவு போட்டாகிவிட்டது, இப்போது எழுந்தால் அத்தனையும் வீண் என்று தோன்றும். அது ஏற்கனவே வீணாகிவிட்டது. எழுந்தாலும் இருந்தாலும் அந்த 6,400 திரும்பாது. நீங்கள் முடிவு செய்யக்கூடியது 3,600ஐப் பற்றி மட்டும்தான்.

இந்தப் பிடிக்குள் வந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? தொடங்கியபோது வைத்ததைவிடப் பந்தயம் கூடியிருக்கும். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் மூச்சு விடும் நேரம்கூட இல்லாமல் விரல் ஓடும். வெல்லும் தொகையை மறந்து, "இன்னும் இவ்வளவு" என்ற இலக்கம் மட்டும் மனதில் ஓடும். எல்லாவற்றிலும் தெளிவான அடையாளம், இரண்டாவது முறை காசு போடுவது. ஒரே இரவில் இரண்டாவது முறை காசு போட உங்கள் கை போகிறதென்றால், அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இழந்ததைப் பிடிக்க மறுநாள் திரும்பிப் போவது, சூதாட்ட நோயைக் கண்டறிய நாங்கள் பார்க்கும் ஒன்பது அடையாளங்களில் ஒன்று. பன்னிரண்டு மாதத்துக்குள் நான்கு இருந்தாலே நோய் என்று கொள்கிறோம்.

சரி, நிறுத்துவது எப்படி? "கடைசியாக ஒன்று" ஆடாதீர்கள். சுற்று ஓடிக்கொண்டிருந்தால் முடியட்டும், முடிவைப் பார்த்ததும் அடுத்த பொத்தானைத் தொடாதீர்கள். மீதி முழுவதையும் எடுக்க விண்ணப்பம் போடுங்கள். பாதியை விட்டுவைக்க வேண்டாம். பல இடங்களில் பணம் வரும் வரை "விண்ணப்பத்தை ரத்துச் செய்" என்றொரு பொத்தான் இருக்கும். அதற்காகவே உடனே கணக்கை விட்டு வெளியேறி, டேட்டாவை நிறுத்துங்கள். மீதி மிகச் சிறியது, எடுக்கும் குறைந்தபட்சத் தொகைக்குக்கூட வரவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த 180 ரூபாவை ஆடித் தீர்க்கப் போய்த்தான் பலர் மறுபடி 5,000 போடுகிறார்கள்.

அடுத்து, போனை வேறு ஒருவரிடம் கொடுங்கள், அல்லது சமையலறையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போங்கள். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம். இந்த உந்துதல் உச்சத்துக்கு ஏறும், பிறகு பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கும். ஏறும்போது அடங்காது என்றுதான் தோன்றும். அதனோடு வாதாட வேண்டாம், நேரத்தைக் கடத்துங்கள். முகம் கழுவுங்கள், குளிர்ந்த தண்ணீர் உதவும். சாராயம் வேண்டாம், குடித்துவிட்டு நிறுத்தியவர்கள் மிகக் குறைவு.

அந்த இருபது நிமிடத்தில் பிள்ளையின் கொப்பியிலாவது மூன்று வரி எழுதுங்கள். பேனாவால் எழுத வேண்டும், மனதுக்குள் சொல்வது போதாது. முதல் வரி: போனது 6,400. எழுதிவிட்டு அதன் மேல் ஒரு கோடு போடுங்கள். இரண்டாவது: இருப்பது 3,600. மூன்றாவது: இந்தக் கிழமை கட்டாயம் கட்ட வேண்டியவை, கடைக் கணக்கு, சீட்டு, பிள்ளையின் வான் காசு. பிறகு ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். "இன்றிரவு நான் இன்னும் ஆடவே இல்லை, கையில் 3,600 இருக்கிறது. இதை இப்போது சக்கரத்தில் போடுவேனா?" நிதானமாக இருக்கும் எவரும் "ஆம்" என்று எழுதிப் பார்த்ததில்லை. பிறகு ஒருவரைக் கூப்பிட்டுத் தொகையைச் சத்தமாகச் சொல்லுங்கள். "கொஞ்சம் போயிருச்சு" என்று சொல்லாமல், "ஆறாயிரத்து நானூறு போயிருச்சு" என்று சொல்லுங்கள். மறைத்து வைத்திருக்கும் வரைக்கும் அதை எப்படியாவது திருப்பி எடுக்க வேண்டும் என்ற நெருக்கடி குறையாது. ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் அது குறையும்.

மறுநாள் காலையில், மனம் தெளிவாக இருக்கும்போதே, வங்கிக் கிளைக்குப் போய் ஒரு நாளில் போன் வழியாக அனுப்பக்கூடிய தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆட்டத் தளத்தில் சேமித்த அட்டை விபரத்தை அழியுங்கள். கணக்கை நிரந்தரமாக மூடும் வசதி இருந்தால் மூடுங்கள். ஏஜென்டின் இலக்கத்தைத் தடை செய்யுங்கள், அவர் இனாமாக 1,000 போட்டுத் தருவதாகக் கூப்பிடுவார். செயலியை அழித்தால் மட்டும் போதாது, மறுபடி இறக்க இரண்டு நிமிடம்.

வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து கடனை அடைக்கவென்று அவர் கையில் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசு கடனுக்குப் போகும் வழியில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் போகும். உதவுவதாக இருந்தால் கடன் கொடுத்தவரிடம் நேரே கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஏடிஎம் அட்டையை அவர் சம்மதத்தோடு சில மாதம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். திட்டுவதும் ஊர்க் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்துவதும் அவரை ஒளிந்து ஆட வைக்கும். அவ்வளவுதான் பலன்.

மருத்துவம் தொடர்பாக ஒரு குறிப்பு. நடுக்க வாதத்துக்குத் தரும் பிரமிபெக்சோல், மனநோய்க்குத் தரும் அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துகள் சிலருக்குச் சூதாடும் உந்துதலைத் தூண்டும். முன்பு சீட்டுக் கட்டைத் தொடாத தாத்தா திடீரென்று ஆடத் தொடங்கினால், எந்த மருந்து குடிக்கிறார் என்று பாருங்கள். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடன் ஏறி, செத்துவிடலாம் என்று தோன்றினால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1926ஐ அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். பக்கத்தில் இருப்பவரை எழுப்பி, தனியாக இருக்க முடியவில்லை என்று சொல்லுங்கள். கடன் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று உட்கார்ந்து எழுதி, கொடுத்தவர்களோடு தவணை பேசுவது எங்கள் வேலையில் ஒரு பகுதிதான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள்.