கொலாஜன் பானம்: முகத்துக்கு எவ்வளவு, கடைக்காரருக்கு எவ்வளவு?

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுனில் மருந்துக்கடைக்குப் போனாலும் பசார் மாலாமுக்குப் போனாலும் கொலாஜன் பானம் கண்ணில் படும். "அக்கா, ரெண்டே வாரத்துல முகம் பளபளன்னு ஆயிரும்" என்பார்கள்.

கொலாஜன் என்பது தோலைத் தாங்கி நிற்கும் புரதம். ஆனால் குடித்த கொலாஜன் நேராகக் கன்னத்தில் போய் உட்காராது. மீன் தோலிலோ மாட்டுத் தோலிலோ எடுத்த கொலாஜனை நொதிகளால் வெட்டித்தான் பொடியாக்குகிறார்கள். குடலில் அது இன்னும் பொடிப்பொடியாகிறது. பெரும்பகுதி சாதாரண அமினோ அமிலம்தான்; முட்டையில் கிடைப்பது போல, உடம்பு அதை எந்த வேலைக்கும் எடுத்துக்கொள்ளும். ஆனால் சில சிறு துண்டுகள், முக்கியமாகப் புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் ஒட்டிய ஓர் இரட்டைத் துண்டு, உடையாமல் ரத்தத்துக்கு வருகிறது. இதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அந்தத் துண்டைக் கண்டால், கொலாஜன் சிதைந்துவிட்டது என்று எண்ணித் தோல் புதிதாகச் செய்யத் தொடங்கும் என்பது ஊகம்.

ஊகம் மனிதர்களிடம் பலிக்கிறதா? 2014இல் வந்த ஒரு ஆய்வில் 35 முதல் 55 வயதுவரையான 69 பெண்கள் கலந்துகொண்டார்கள். தினமும் 2.5 அல்லது 5 கிராம் குடித்தவர்களுக்கு 8 வாரத்தில் தோலின் மீள்தன்மை கூடியது. நல்ல செய்திதான். ஆனால் 2025இல் இப்படிப்பட்ட 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கதை மாறியது. மொத்தமாகப் பார்த்தால் ஈரப்பதம், மீள்தன்மை, சுருக்கம் மூன்றிலும் பலன் தெரிந்தது. நிறுவனப் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் மூன்றிலுமே பலன் இல்லை. தரமாக நடத்திய ஆய்வுகளிலும் அப்படியே. யார் பணம் கொடுத்தார் என்பதைப் பொறுத்து முடிவு மாறினால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சரி, குடித்தே பார்க்கிறேன் என்பவர் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 10 பாட்டில் 80 வெள்ளி, ஒரு பாட்டிலில் கொலாஜன் 1,000 மில்லிகிராம் என்று வைப்போம். அது வெறும் 1 கிராம். ஆய்வில் கொடுத்த 2.5 கிராமுக்கு நாளுக்கு இரண்டரை பாட்டில், அதாவது 20 வெள்ளி. 8 வாரத்துக்கு 1,120 வெள்ளி! அதே 80 வெள்ளிக்கு 200 கிராம் வெறும் பொடி கிடைத்தால், அதே 8 வாரத்துக்கு 56 வெள்ளிதான் ஆகும். மீதிப் பணமெல்லாம் பழவாசனைக்கும் சர்க்கரைக்கும் அழகான பெட்டிக்கும். அப்புறம், மாட்டிறைச்சி தொடாத வீடென்றால் 'போவைன்' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டிலிருந்து எடுத்தது என்று பொருள்.

இருக்கிற கொலாஜனைக் காப்பாற்றுவதுதான் மலிவு. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் கொலாஜனை வெட்டும் நொதிகள் தோலிலேயே பெருகும். ஆஸ்திரேலியாவில் நாலரை ஆண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னவர்களின் தோல், இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாகவே முதுமை அடைந்தது. செம்பனைக்கு உரம் போடப் போகும் அக்காமார்களுக்குப் பானத்தைவிட அகல விளிம்புத் தொப்பியும் ஒரு டியூப் சன்ஸ்கிரீனும் உபயோகம்.