திறப்பு விழாத் தேதியைத் தள்ளிப்போடும் வேலை எது?

கடைகளுக்கு உள்வேலை எடுத்துச் செய்யும்போது உரிமையாளர்கள் தினமும் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். பெயர்ப் பலகை எப்போது வரும்? பெயின்டர் ஏன் இன்னும் வரவில்லை? கண்ணுக்குத் தெரியும் வேலைகள் என்பதால் கேட்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் முகப்புக் கண்ணாடிக்கு அளவு எடுத்தாகிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. பல கடைகளில் திறப்புத் தேதியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

எந்த வேலை தேதியைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க கிரிட்டிக்கல் பாத் முறை இருக்கிறது. 1957-இல் டூபாண்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலைப் பணிகளைத் திட்டமிட உருவாக்கியது. சின்னக் கடைக்கும் அது பொருந்தும், ஒரு தாளும் பென்சிலும் போதும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள், எது முடிந்தால் அது தொடங்கலாம், இந்த இரண்டையும் எழுத வேண்டும். இரண்டாவதை எழுதும்போதுதான் உண்மை வெளியே வரும்.

ஒரு சாதாரணக் கடையை எடுத்துக்கொள்வோம். அளவெடுத்து வரைபடத்தை இறுதி செய்ய 4 நாள். பழைய அமைப்பை இடித்து அப்புறப்படுத்த 3 நாள். அதோடு 7 நாள் ஆயிற்று. இங்கிருந்து வேலை இரண்டாகப் பிரிகிறது.

முதல் கிளை முகப்பு. கண்ணாடி உட்காரும் திறப்பைக் கட்டிப் பூசி முடிக்க 4 நாள், அதாவது 11-ஆம் நாள். பிறகு அளவெடுத்து, சூடேற்றிப் பதப்படுத்திய டஃபன்ட் கண்ணாடி தயாராகி வந்து சேர 14 நாள். பொருத்த 2 நாள். 27-ஆம் நாள் முகப்பு மூடியிருக்கும்.

இரண்டாவது கிளை உள்ளே. மின் குழாயும் ஒயரும் 5 நாள், ஃபால்ஸ் சீலிங் 5, தரை டைல்ஸ் 4, பட்டியும் பெயின்டும் 4. இவை ஒன்றன்பின் ஒன்றாக 25-ஆம் நாள் முடியும்.

இரண்டு கிளைகளும் ரேக் பொருத்தும் இடத்தில் சேர்கின்றன. உள்வேலை முடிந்திருக்க வேண்டும், கடையைப் பூட்டவும் முடிய வேண்டும். ரேக்குக்கு 4 நாள், சரக்கு அடுக்க 3 நாள். மொத்தம் 34 நாள்.

இப்போது கடைசியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். 34-இல் திறக்க வேண்டுமானால் சரக்கு அடுக்குவது 31-இல் தொடங்க வேண்டும், ரேக் 27-இல். கண்ணாடி பொருத்தி முடிவதும் அதே 27. முன்னால் போட்ட கணக்குக்கும் பின்னால் போட்ட கணக்குக்கும் வித்தியாசமே இல்லை. எனவே வரைபடம், இடிப்பு, கண்ணாடி உட்காரும் திறப்பு, கண்ணாடி, ரேக், சரக்கு என்ற சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத், இதில் எது ஒரு நாள் நழுவினாலும் கடைத் திறப்பு ஒரு நாள் நழுவும். உள்வேலை 25-இல் முடிகிறது, 27 வரை நேரம் இருக்கிறது. அந்த 2 நாள்தான் ஃப்ளோட்.

அந்த 2 நாளைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். எலக்ட்ரீஷியனிடம் "உங்களுக்கு ரெண்டு நாள் இருக்கு" என்று சொல்வோம். சீலிங்காரரிடமும் டைல்ஸ்காரரிடமும் அதையே சொல்வோம். அட்டவணையில் நான்கு வேலைக்கும் நேராக 2 என்றுதான் இருக்கும், ஆனால் ஆளுக்கு இரண்டு கிடையாது. நால்வருக்கும் சேர்த்தே இரண்டு. எலக்ட்ரீஷியன் 2 நாள் தாமதித்தால் பெயின்ட் 27-இல் முடியும், திறப்பு தப்பிக்கும். அதன்பின் டைல்ஸ்காரர் ஒரே ஒரு நாள் வராமல் போனால் திறப்பு 35-க்குப் போய்விடும். பழி அவர் தலையில் விழும். ஃப்ளோட்டைத் தின்று தீர்த்தவர் எப்போதோ பணம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதனால் ஃப்ளோட்டை யார், என்றைக்கு, எத்தனை நாள் எடுத்தார் என்று தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது என் வழக்கம்.

ரேக்கின் ஃப்ளோட் வேறு ரகம். வரைபடம் முடிந்ததும் ஆர்டர் கொடுத்தால் பட்டறையில் 16 நாள், 20-ஆம் நாளே தயார். தேவைப்படுவதோ 27-இல். இந்த 7 நாளில் யாருக்கும் பங்கில்லை. இதைத் தாமதத்துக்கான சலுகையாக மட்டும் பார்க்கக் கூடாது. ரேக் 20-ஆம் நாளே வந்து இறங்கினால் டைல்ஸ் போடும் தரையில் அதற்கு இடம் ஏது? பட்டறையிலேயே வைத்திருந்து 26-இல் அனுப்பச் சொல்வதுதான் நல்லது. பெயர்ப் பலகைக்கு இதைவிட அதிக ஃப்ளோட். 10 நாளில் தயாராகிவிடும், மாட்டுவதைத் திறப்புக்கு முந்தைய நாள்கூடச் செய்யலாம்.

இனி முக்கியமான சிக்கல். 14 நாள் ஆகுமே, வரைபட அளவை வைத்தே கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். டஃபன்ட் கண்ணாடியைச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. கதவின் பூட்டுக்கும் பிடிமானங்களுக்கும் தேவையான துளைகள் எல்லாம் முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். பூசி முடித்த திறப்பு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட வந்த கண்ணாடி உட்காராது. மறுபடி ஆர்டர், மறுபடி 14 நாள்.

இதிலும் நுணுக்கமாக ஒன்று உண்டு. கண்ணாடிக் கதவின் உயரத்தை டைல்ஸ் போட்டு முடிந்த தரையிலிருந்து அளக்க வேண்டும். அளவெடுப்பது 11-ஆம் நாள் முடிந்த கையோடு, டைல்ஸ் தொடங்குவதோ 17-ஆம் நாளுக்குப் பிறகு. இல்லாத தரையிலிருந்து எப்படி அளப்பது? டைலின் கனத்தையும் அடியில் வரும் கலவையின் கனத்தையும் சேர்த்து, முடிந்த தரைக்குச் சரியாக 1 மீட்டர் மேலே சுவர் முழுக்க ஒரு மட்டக்கோடு அடித்துவிட வேண்டும். கண்ணாடிக்காரர், டைல்ஸ்காரர், சீலிங்காரர் எல்லாரும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். கதவைத் தானாக மூடவைக்கத் தரைக்குள் பதிக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங் பெட்டிக்கான குழியையும் அப்போதே குறித்துவிட்டால் பிறகு டைலை உடைக்க வேண்டியிருக்காது.

இப்போது கணக்கைத் திரும்பப் பாருங்கள். டைல்ஸ் போடுவதற்கு 2 நாள் ஃப்ளோட் உண்டு. எந்த டைல் என்று முடிவு செய்வதற்கு ஃப்ளோட்டே கிடையாது. 11-ஆம் நாள் முடிவதற்குள் கனம் தெரிந்தாக வேண்டும். "டைல்தானே, மெதுவா பார்த்துக்கலாம்" என்று உரிமையாளர் மூன்று நாள் தள்ளிப்போட்டால் கடை மூன்று நாள் தள்ளித்தான் திறக்கும். வேலைப் பட்டியலில் கூலி ஆட்களின் வேலைகளை மட்டும் எழுதி, உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவுகளை எழுதாமல் விட்டால் இது அட்டவணையில் வரவே வராது.

நாளைக் குறைக்க வேண்டுமென்றால்? கூடுதல் பெயின்டர்களை இறக்குவது வீண் செலவு, உள்வேலை சீக்கிரம் முடிந்து கண்ணாடிக்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான். மூன்று நாள் இடிப்பில் முகப்பை முதல் நாளே இடித்துவிடச் சொல்லுங்கள். உள்ளே இடிப்பு தொடரும்போதே 5-ஆம் நாள் முடிந்ததும் கண்ணாடி உட்காரும் திறப்பைக் கட்டும் வேலை தொடங்கும். 9-இல் அளவு, 23-இல் கண்ணாடி, 25-இல் முகப்பு தயார். செலவு ஏறாமல் 34 நாள் 32 ஆகிவிட்டது. டைல் முடிவும் 9-ஆம் நாளுக்கு முன்னேறிவிட்டது என்பதை உரிமையாளரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் உள்வேலையும் 25-இல்தான் முடிகிறது. அதன் 2 நாள் ஃப்ளோட் போய்விட்டது, இப்போது இரண்டு கிளைகளுமே கிரிட்டிக்கல். இதற்கு மேல் கண்ணாடியை அவசரப்படுத்திக் கூடுதல் பணம் கொடுத்தாலும் ஒரு நாள்கூட மிச்சமாகாது, இரண்டையும் சேர்த்துக் குறைத்தால்தான் உண்டு. நேற்றுவரை தாமதம் தாங்கிய எலக்ட்ரீஷியன் வேலை இன்று தாங்காது. அதனால் வாரம் ஒருமுறை கணக்கைப் புதுப்பிப்பேன். "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று கேட்டால் எல்லாரும் தொண்ணூறு என்பார்கள். "இன்னும் எத்தனை நாள் வேண்டும்?" என்று கேட்டு, வரும் பதிலை அட்டவணையில் போட்டு மீண்டும் 34-இலிருந்தோ 32-இலிருந்தோ பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.