எதிரொளிப்பில் கட்ட மாற்றம்

ஆங்கிலவழி மாணவர்கள் ‘ஃபேஸ்’ என்று சொல்வது, தோற்றம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்து, நிலவின் வளர்வு தேய்வுகளைக் குறித்து, பின்னர் அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குப் பெயரானது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்குக் கட்டம் என்ற சொல் நிலைத்துவிட்டது. இலங்கையில் அவத்தை என்பர். அடர்குறை ஊடகத்திலிருந்து வரும் ஒளி, அடர்மிகு ஊடகத்தின் பரப்பில் பட்டுத் திரும்பும்போது அதன் கட்டம் அரைச்சுற்று மாறுகிறது. இதுவே எதிரொளிப்பில் கட்ட மாற்றம்.

கொடைக்கானலில் மூடுபனி நாளொன்றில் இதைப் பார்ப்பது எளிது. ஈரக்காற்றில் சோப்புப் படலம் விரைவில் உலர்வதில்லை. வெளிர்வானம் ஒளி தர, பைன் மரங்களின் இருள் பின்புலமாகிறது. கம்பி வளையத்தைச் சோப்புநீரில் தோய்த்துச் செங்குத்தாகப் பிடித்தால், நீர் கீழே வடிய, படலம் மேலே மெலிந்து, நிறப்பட்டைகள் கிடையாகத் தோன்றும்.

படலம் 300 நானோமீட்டர் தடிமனாக உள்ள இடத்தை எடுத்துக்கொள்வோம். முன்பரப்பில் திரும்பும் கதிரைவிட, உள்ளே சென்று பின்பரப்பில் திரும்பும் கதிர் கடக்கும் கூடுதல் ஒளிப்பாதை, நேர்க்குத்தாகப் பார்க்கையில், தடிமனின் இருமடங்கை ஒளிவிலகல் எண் 1.33-ஆல் பெருக்கக் கிடைக்கும் 798 நானோமீட்டர். இது 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சைக்கு ஒன்றரை அலை. பாதையை மட்டும் கணக்கிட்டால் பச்சை அழிந்து, படலம் செங்கருநீலமாகத் தெரிய வேண்டும். ஆனால் காற்றிலிருந்து நீரில் பட்டுத் திரும்பும் முதற்கதிர் மட்டுமே அரைச்சுற்று மாறுகிறது. நீரிலிருந்து காற்றில் பட்டுத் திரும்பும் இரண்டாங்கதிர் மாறுவதில்லை. எனவே இரண்டும் ஒத்து இணைய, அங்கே பச்சை மிளிர்கிறது.

இதை ‘அரை அலைநீளப் பாதை கூடுகிறது’ என்று எழுதும் வழக்கமும் உண்டு. கணக்குக்கு அது உதவும். பொருளுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. உண்மையான பாதை எல்லா நிறங்களுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம். இங்கோ பச்சைக்கு 266, 650 நானோமீட்டர் சிவப்புக்கு 325 என, ஒவ்வொரு நிறமும் தன் அலையில் சரிபாதியே மாறுகிறது. அதனால்தான் படலத்தின் உச்சி சில பத்து நானோமீட்டருக்கும் கீழாக மெலிந்து, பாதை வேறுபாடு ஏறத்தாழ இல்லாமற் போகும்போது, எல்லா நிறங்களும் ஒருசேர அழிந்து அப்பகுதி கருக்கிறது. ஓட்டை விழுந்ததுபோல் தோன்றினாலும் படலம் அங்கே இருக்கிறது. அதன் கீழே வெள்ளிநிறப் பட்டை ஒன்றும் ஓடும்.

இரு பரப்புகளிலும் கட்டம் மாறினால் விளைவு தலைகீழாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங், குறைந்த விலகல் எண்ணுடைய கண்ணாடிக்கும் மிகுந்த விலகல் எண்ணுடைய கண்ணாடிக்கும் இடையே, இடைப்பட்ட எண்ணுடைய சசாஃப்ராஸ் எண்ணெயை வைத்துப் பார்த்தார். இரு கண்ணாடிகளும் தொடும் இடத்தைச் சுற்றித் தோன்றும் வளையங்களில், வழக்கமாகக் கருப்பாயிருக்கும் நடுப்புள்ளி அப்போது வெண்மையாகத் தெரிந்தது.